அப்பள வெயிலும் கன்னத்து மங்கும்

என் முகத்தில் மங்கு விழுந்ததை முதலில் பார்த்தது நான் இல்லை. தாராவியில் எங்கள் அறைக்குள் நட்ட நடுப் பகலிலும் டியூப்லைட் எரிய வேண்டும். அந்த வெளிச்சத்தில் எல்லார் முகமும் ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரியும். பக்கத்து வீட்டு அக்கா குழாயடியில் வைத்துத்தான் சொன்னாள்.

"ஏளா, கன்னத்துல என்னது? அடுப்புக் கரி எதும் ஒட்டியிருக்கா?"

முந்தானையால் துடைத்தேன். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தேன். இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரி, யாரோ அளவெடுத்துப் பூசியதுபோல. மேலுதட்டிலும் இருந்தது. வீட்டுக்காரர் ராத்திரி சோறு தின்றுகொண்டே, "என்ன, மீசை வச்சிட்டியா?" என்று கேட்டார். தண்ணீர்ச் செம்பை எடுத்து வீசினேன். அவர் குனிந்துகொண்டார், செம்பு நசுங்கியது. இளையவள் அப்போது கைக்குழந்தை. கர்ப்பமாக இருக்கும்போதே நிழலாட்டம் விழுந்திருக்க வேண்டும், பார்க்க நேரமிருந்தால்தானே.

எனக்குத் தொழில் அப்பளம். விடியும் முன்பே கம்பெனி ஆள் பிசைந்த மாவைக் கொடுத்துவிட்டுப் போவார். உருட்டித் தேய்த்து, சந்து முனையிலுள்ள வெட்டவெளியில் மூங்கில் கூடைகளைக் கவிழ்த்து, அதன்மேல் பரப்பி, ஓரம் சுருண்டுவிடாமல் திருப்பித் திருப்பிப் போட்டுக் காய வைக்க வேண்டும். காலை வெயில்தான் இதற்கு வாகு. அந்த வெயில் போனால் அன்றைக்குக் கூலி போச்சு.

இதிலிருந்து தப்பிக்க எனக்கு ஒரு வழி வந்தது. அந்தப் பக்கத்து வீட்டு அக்கா மாட்டுங்காவில் ஒரு புடவைக் கடையில் புடவை மடிக்கிற வேலையில் இருந்தாள். அங்கே கவுன்ட்டரில் நின்று புடவை விரித்துக் காட்ட ஆள் வேண்டும் என்றாள். தலைக்குமேல் ஏசி. உட்கார ஸ்டூல். வெயில் என்பது கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம். கடவுளிடம் நான் அதுவரைக்கும் பெரிதாக எதுவும் கேட்டதில்லை. அந்தக் கவுன்ட்டரைக் கேட்டேன்.

போகும்போது முகம் பளிச்சென்று இருக்கட்டும் என்று தெருமுனைப் பார்லரில் ப்ளீச் போட்டுக்கொண்டேன். எரிந்தது. "எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றாள் அந்தப் பெண். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மடச்சி. இடது கன்னம் வெந்து, தோல் உரிந்து, ஆறியது. ஆறின இடம் மங்கைவிடக் கறுப்பாக நின்றுவிட்டது.

கடை மேனேஜர் ஒரு வயதான அம்மாள். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். கோபமாகப் பேசவே தெரியாதவர். "முகத்துல இது என்னம்மா? சூடு பட்டுடுத்தா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், "கஸ்டமர் புடவையப் பாக்கறதுக்கு முன்னாடி உங்க மூஞ்சியைன்னா பாப்பா. சரியாகட்டும், அப்புறம் வாங்கோ" என்றார். பட்டுப் புடவையைத் தடவுவதுபோல அவ்வளவு மெதுவாகச் சொன்னார். செருப்பால் அடித்திருந்தால்கூடத் திருப்பித் திட்டியிருப்பேன்.

அதற்குப் பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரிடம் போனேன். சின்ன வயசுப் பெண். செம்பூர்த் தமிழ்க் குடும்பம். அவள் தாடையிலேயே பழைய பரு வந்து போன இடமெல்லாம் புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதித் தைரியம் வந்தது, மீதித் தைரியம் போனது. டாக்டருக்கே இப்படி என்றால் நமக்கு என்ன ஆகப்போகிறது?

"ஏம்மா, எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு மட்டும் இல்லைங்க, நம்ம மாதிரி நிறத்துல நிறைய பேருக்கு வரும். நிறம் செய்யற செல் வெள்ளைக்காரங்களுக்கும் நமக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஆனா நம்மளோடது ரொம்பச் சுறுசுறுப்பு. சும்மா சீண்டினாலே நிறத்தை அள்ளிக் கொட்டிடும். பரு, கொசுக்கடி, சூடு, ப்ளீச், எதுல தோல் புண்பட்டாலும் கறுக்கும். அந்தக் கன்னம் அப்படித்தான் ஆச்சு. நிறம் உள்பக்கம் இறங்கிட்டா போக மாசக்கணக்குல ஆகும், சில சமயம் வருஷமே ஆகும்."

"அப்போ மங்கு?"

"அதுக்குக் குடும்ப வாகு இருக்கு, கர்ப்பத்துல மாறுற ஹார்மோன் இருக்கு. எல்லாத்துக்கும் மேல வெயில். வெயில் மட்டுமில்ல, கண்ணுக்குத் தெரியற வெளிச்சமே நம்ம தோலைக் கறுக்க வைக்கும்."

ராத்திரி பூச ஒரு களிம்பு எழுதினாள். கொஞ்ச காலத்துக்குத்தான், நீங்களாக வாங்கிப் பூசிக்கொண்டே போகக் கூடாது என்றாள். பகலுக்கு சன்ஸ்க்ரீன், அதுவும் தோல் நிறத்தில் இருப்பது. அந்த நிறத்துக்காகச் சேர்க்கிற பொருள்தான் வெளிச்சத்தையும் தடுக்குமாம். "இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்துப் பூசுங்க. வெயில்ல இருந்தா இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூசணும். ராத்திரிக் களிம்பு கறுப்பை அழிச்சிட்டே இருக்கும். பகல்ல வெயில் பட்டா அது திரும்ப எழுதிட்டே இருக்கும். சன்ஸ்க்ரீன் இல்லைன்னா களிம்புக்குப் பிரயோஜனமே இல்லை."

சாமி சத்தியமாக ஒரு நாள் விடாமல் பூசினேன். முகம் அசையவில்லை. வெயில் ஏற ஏற இன்னும் கறுத்தது. மறுபடி போனபோது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"பூசுதேன்ம்மா. பிள்ளைக்குக் காய்ச்சல் அடிச்ச அன்னைக்குக்கூட பூசுனேன். நீங்க குடுத்தது சரியில்ல."

"சன்ஸ்க்ரீனைக் காலையில எப்போ பூசறீங்க?"

"குளிச்சிட்டுத்தான்."

"எப்போ குளிப்பீங்க?"

"மதியம் ஆயிரும். அப்பளத்தைக் காயப் போட்டு எடுத்துட்டுத்தான குளிக்க முடியும்? அதுக்கு முன்ன குளிச்சா மறுபடியும் மேலெல்லாம் மாவும் எண்ணெயுமால்லா ஆவும்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். எனக்கும் அந்த நொடியில் விளங்கிவிட்டது. குளிக்காத முகத்தில் பவுடர்கூட வைக்க மாட்டோம். எங்கள் சந்தில் எந்தப் பொம்பளையும் வைக்க மாட்டாள். காலை முழுக்க வெயிலில் வெறும் முகத்தோடு நின்றுவிட்டு, மதியம் குளித்துச் சுத்தமாகி, இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்துப் பூசிக்கொண்டு, வெயில் எட்டிப் பார்க்காத அறைக்குள் போய்ப் படுத்திருக்கிறேன் இத்தனை மாதமும். டாக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"வெயிலுக்கு முன்னாடி பூசணும்" என்றாள். "அப்பளம் வெள்ளையா இருக்குல்ல, குனிஞ்சு நிக்கறப்ப வெளிச்சம் கீழேருந்தும் முகத்துல அடிக்கும். பெரிய தொப்பி வைங்க, துணி கட்டுங்க. அந்த நேரத்துல வெயில்ல நிக்காம இருக்க முடிஞ்சா இன்னும் நல்லது."

முடிஞ்சா!

மறுநாள் மாவு வரும் முன்பே முகம் கழுவிப் பூசினேன். வீட்டுக்காரரின் தொப்பியை வைத்துக்கொண்டு, துப்பட்டாவை மூக்குவரை கட்டிக்கொண்டு போனேன். "கிரிக்கெட் ஆடப் போறியாளா?" என்று அக்கா கத்தினாள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் வேர்த்தது. வேர்வையைத் துடைத்த கையால்தான் அப்பளத்தைத் திருப்ப வேண்டும். சாயங்காலம் கம்பெனிக்காகச் சரக்கு எடுக்க வரும் மராத்தி அம்மாள் ஓர் அப்பளத்தை மூக்கில் வைத்து மோந்து பார்த்து, "பாப்பட் மே ஸ்னோ கா பாஸ்?" என்றாள். அப்பளத்தில் முகத்துக்குப் பூசுகிற ஸ்னோ வாசம் அடித்தால் யார் தின்பார்கள்? கூடை முழுவதையும் தள்ளிவிட்டாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வேலை செய்தேன். மறுபடியும் ஒரு நாள் தள்ளினாள். இன்னொரு தடவை இப்படி என்றால் மாவு வராது என்று சொல்லிவிட்டாள். சன்ஸ்க்ரீனை மறுபடி மதியத்துக்கே மாற்றிவிட்டேன்.

அப்புறம் மழை வந்தது. மும்பை மழையில் அப்பளம் காயாது. மாவு வருவது நின்றது. வீட்டுக்காரர் தையல் வேலையில் கொண்டுவருவதை வைத்து இழுத்துப் பறித்து ஓட்டினோம். செய்ய வேலை இல்லாததால் காலையிலேயே குளித்தேன், காலையிலேயே பூசினேன். மேகத்தோடும் வெளிச்சம் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் மழை நாளிலும் விடவில்லை. முகம் தெளிய ஆரம்பித்தது. சத்தியமாகத் தெளிந்தது! மீசை மங்கியது. வெந்த கன்னத்தில் ஓரம் கரைந்தது. சோற்றுக்கு இல்லாத மாதங்களில்தான் என் முகம் நன்றாக இருந்தது. அக்கா என்னைக் கையைப் பிடித்து மாட்டுங்காவுக்கு இழுத்துப் போனாள்.

மேனேஜர் அம்மாள் என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "நன்னாத் தெளிஞ்சிருக்கே! தீபாவளிக் கூட்டத்துக்கு ஆள் எடுக்கறோம். தசரா முடிஞ்சு வாங்கோ, கவுன்ட்டர்ல நிக்கலாம்." அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது மழையில் நனைந்தேன். குடை கையில்தான் இருந்தது.

தசராவுக்கு முன்பே மழை விட்டது. அக்டோபர் வெயில் எப்படி என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளிக்கு அப்பளம் இரட்டிப்பாகக் கேட்டார்கள். வீட்டில் அரிசிப் பானை ஒட்டிக் கிடந்தது. கொஞ்ச நாள்தானே, அப்புறம் ஜென்மத்துக்கும் ஏசியில் நிற்கப் போகிறோம் என்று நினைத்தேன். சன்ஸ்க்ரீன் பூச முடியாது, மராத்தி அம்மாள் சரக்கைத் தள்ளிவிடுவாள். துணியை மட்டும் இரட்டையாகக் கட்டினேன். மூச்சு முட்டினபோதெல்லாம் அவிழ்த்தேன். மழைக்கால மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் போன மங்கு ஓட்டமாக ஓடி வந்துவிட்டது.

இருந்தாலும் தசரா முடிந்ததும் கடைக்குப் போனேன். பவுடரை அப்பிக்கொண்டு போனேன். ஏசியில் கால் வைத்ததும் வேர்வை அடங்க, பவுடர் திட்டுத் திட்டாகப் பிரிந்து நின்றது. மேனேஜர் அம்மாள் வெகுநேரம் என்னைப் பார்த்தார். நிஜமாகவே அவருக்கு வருத்தம்.

"போன தடவை நன்னா இருந்ததே. வெயில்ல போகாதேங்கோன்னு டாக்டர் சொல்லியிருப்பாளே, கேக்கப்படாதோ?"

"வெயில்ல போகாம இருக்கத்தான்மா இந்த வேலையக் கேக்கேன்" என்றேன்.

கவுன்ட்டருக்குப் பின்னால் புடவை விரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொல்லி அனுப்புகிறேன் என்று மட்டும் சொன்னார். அக்கா புடவை மடித்தபடியே தலையைக் குனிந்துகொண்டாள்.

சொல்லி அனுப்பவில்லை. அடுத்த மழையிலும் முகம் தெளிந்தது, அடுத்த அக்டோபரிலும் கறுத்தது. டாக்டர் பெண் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். தீராது, கட்டுக்குள்தான் வைக்க முடியும், வெயில் பட்டால் திரும்ப வரும் என்று புதிய டாக்டர் சொன்னார். சன்ஸ்க்ரீன் ட்யூப் அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடக்கிறது. கல்யாணத்துக்குப் போனால் பூசிக்கொள்கிறேன்.

அன்றைக்குப் பவுடர் முகத்தோடு கடையிலிருந்து திரும்பி வந்தேனே, அதற்கு மறுநாள் காலை ஒரு பொட்டு மேகம் இல்லை. "நல்ல வெயில்ளா, மதியத்துக்குள்ள காஞ்சிரும்!" என்று கூடையோடு போகிறவர்கள் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டார்கள். சந்து முழுக்கச் சந்தோஷமாக இருந்தது. நானும் கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன்.