சும்மா நிற்கத் தெரியாதவன்

எனக்குப் போலீஸ் ஆக வேண்டும் என்று ஆசை. குற்றத்தை ஒழிக்கவெல்லாம் இல்லை. அந்தத் தொப்பிக்காகவும், பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்மார் எழுந்து நிற்பதற்காகவும்தான். ஆவணி கடைசியில் திருநெல்வேலியில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தபோது ஆனி பிறந்துவிட்டது. வயசு வரம்புப்படி அதுதான் எனக்குக் கடைசி வாய்ப்பு. தவறினால் இளையரசனேந்தலில் மாமாவின் மானாவாரிக் காட்டில் மழையை அண்ணாந்து பார்க்கும் உத்தியோகம் எனக்கு என்று அப்பா ஏற்கெனவே நியமனம் செய்துவிட்டார். உயரம் இருந்தது. நெஞ்சுதான் இல்லை. எங்கள் வீட்டுக் கொடியில் காயும் சட்டைக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

சங்கரன்கோவிலில் அப்போது பருத்தி மூட்டை அடுக்கிய பழைய கிட்டங்கி ஒன்றில் தேகப்பயிற்சி சாலை நடந்தது. கர்லாக்கட்டைகள், இரண்டு கல் குண்டு, ஒரு பார், மணல் கொட்டிய தரை. நடத்தியவர் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர். மாஸ்டர் என்று கூப்பிடுவோம். சேர வந்தவர்கள் மூன்று பேர். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர், வயிறு முன்னால் வர அவர் பின்னால் வருவார். மேலநீலிதநல்லூர் சம்சாரி வீட்டுப் பையன் ஒருத்தன், "நான் ஏர் பிடிச்ச கை" என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் சொல்லிக்கொண்டிருந்தான். மூன்றாவது நான். எங்களை மணலில் உட்கார வைத்து மாஸ்டர் பேசினார். சேர வந்தவனை வாசலோடு திருப்பி அனுப்ப இதைவிட நல்ல பேச்சு ஒருத்தரும் பேசியிருக்க முடியாது.

"நல்லா கேட்டுக்கிடுங்க. மூணு மாசத்துல பயில்வான் ஆக்குதேன்னு எவனாவது சொன்னா அவன் பொய் சொல்லுதான். மொத வாரம் உடம்பு வலிக்கும். நாளைக்கு வலிக்கதவிட நாளன்னிக்குத்தான் கூட வலிக்கும். அதுக்குப் பயப்படாண்டாம். ஆனா மூட்டுல சுருக்குன்னு குத்துனா உடனே நிறுத்திட்டு எங்கிட்டச் சொல்லணும். மொத மாசம் உடம்பு பழகும், அவ்ளோதான். பத்து தண்டால் எடுக்கவன் இருவது எடுப்பான். கண்ணாடியில ஒண்ணும் தெரியாது. ரெண்டாம் மாசம் பசிக்கும், தூக்கம் வரும். மூணாம் மாசம் சட்டை தோள்ல லேசாப் பிடிக்கும். அது உங்களுக்கு மட்டுந்தான் தெரியும். வீட்டுல, இளைச்சுப் போய்ட்டியேன்னுதான் கேப்பாவ."

குமாஸ்தா கை தூக்கினார். "தொந்தி கரையுமா தம்பி?"

"அண்ணாச்சி, தொந்தி மட்டும் தனியாக் கரையாது. கரைஞ்சா மொத்தமாக் கொஞ்சம் கொஞ்சமாக் கரையும். அதுவும் சாயங்காலம் வடையும் பஜ்ஜியும் குறைஞ்சாத்தான். எடையப் பாக்காதீங்க. அரைஞாண் கயிறு லூசாகுதான்னு பாருங்க."

குமாஸ்தாவின் முகம் வடைக்குத் துக்கம் விசாரிக்கிற முகம் ஆனது.

"இன்னும் ரெண்டு விசயம். மூணு மாசம்னா காலண்டர் மாசம் இல்ல. நீங்க இங்கன வந்த நாளத்தான் எண்ணுவேன். வாரத்துல ஒரு நாளு லீவு, அது நான் விடுத லீவு. ரெண்டாவது, மூச்ச அடக்கக் கூடாது. கீழ போகும்போது இழு, எழும்பும்போது விடு. இழுக்கதுக்கு எல்லாவனுக்கும் தெரியும். விடத்தான் படிக்கணும்."

பிறகு நெஞ்சை அளந்தார். டேப் கிடையாது. தறியிலிருந்து வாங்கிய நூலை அக்குளுக்கடியில் சுற்றி, சேர்கிற இடத்தில் முடிச்சுப் போட்டு, ஆணியில் மாட்டிவிடுவார். குமாஸ்தாவுக்கு மட்டும் வயிற்றையும் சேர்த்து இரண்டு நூல். நம்பர் தெரிந்தால் தினம் அளந்து பார்த்துச் சாவோம் என்பது அவர் கணக்கு. என்னுடையது சிவப்பு நூல்.

"சும்மா நில்லுலே" என்றார்.

நின்றேன். ஆனால் பக்கத்தில் ஏர் பிடித்த கை நின்று சிரித்துக்கொண்டிருந்தது. என்னையறியாமல் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். மாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சும்மா நில்லுலே" என்று மறுபடி சொன்னார். "சும்மாத்தான் நிக்கேன்" என்றேன், மூச்சு விடாமல். முடிச்சைப் போட்டுவிட்டார்.

ஏர் பிடித்த கை முதல் நாளே உட்கார்ந்து உட்கார்ந்து எழும்பி நூறு பஸ்கி போட்டது. மறுநாள் நொண்டியது. மூன்றாம் நாள் பஸ் படியில் ஏற முடியாமல் இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள் என்று கேள்விப்பட்டேன். அத்தோடு அவன் வரவில்லை. குமாஸ்தா புலம்பிக்கொண்டே தினமும் வந்தார். நான் ஒழுங்காக வந்தேன், ஆடித்தபசு வரைக்கும். திருவிழாவில் பன்னிரண்டு நாள் காணாமல் போனேன். சப்பரம் என்னால்தான் நகர்ந்தது என்று நினைப்பு.

இதற்கிடையில் நான் இன்னொரு பயிற்சியும் கண்டுபிடித்திருந்தேன். தெருவில் போகும்போது, கோயிலில் நிற்கும்போது, மாடிப்படியில் யாராவது எதிரே வந்தால்கூட, நெஞ்சை உப்பிக்கொள்வது. போலீஸ்காரன் நெஞ்சுக்கு முன்ஏற்பாடாம். கடைசியில் அதுவே எனக்குச் சும்மா நிற்கிற நிலை ஆகிவிட்டது. தண்டால் எடுக்கும்போது மாஸ்டர், "விடுலே, மூச்ச விடுலே" என்று கத்தாத நாள் கிடையாது.

தேர்வுக்கு முந்தின நாள் நூலை இறக்கி அளக்கச் சொன்னேன்.

"பன்னெண்டு நாளு பாக்கி இருக்குல்லா" என்றார். கெஞ்சியும் மசியவில்லை. படுபாவி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே ரயில் ஏறினேன்.

திருநெல்வேலி மைதானத்தில் அளக்கிற ஏட்டையாவுக்கு விதி இரண்டு. சும்மா நிற்கும்போது நெஞ்சு ஒரு குறிப்பிட்ட அளவு இருக்க வேண்டும். மூச்சை இழுத்தால் அதற்கு மேல் இரண்டு அங்குலம் விரிய வேண்டும். எனக்கு இது தெரியாமல் இல்லை. முதல் அளவு குறைந்துவிடுமோ என்பதுதான் என் பயம்.

"சும்மா நில்லு" என்றார்.

நின்றேன். அதாவது, மூன்று மாதமாக நின்றது போல நின்றேன். டேப்பைச் சுற்றி, "பரவாயில்லையே, நல்ல நெஞ்சு!" என்றார். எனக்குத் தொப்பியே தலையில் ஏறிவிட்டது.

"இப்ப மூச்ச இழு."

இழுக்க இடம் எங்கே இருக்கிறது? முக்கினேன். கண் பிதுங்கியது. அரை அங்குலம் விரிந்தது.

"இழுங்கேன்ல?"

"இழுத்துட்டேன் ஐயா."

"விரியல. அடுத்தவன் வா."

ஊர் வந்ததும், என்ன ரோஷமோ, பாக்கிப் பன்னிரண்டு நாளையும் போய் முடித்தேன். அதே வாரத்தில் குமாஸ்தாவின் வயிற்று நூலை இறக்கி மறுபடி சுற்றினார்கள். நுனி முடிச்சைத் தாண்டி இரண்டு விரற்கடை போனது. மனுஷன் குழந்தை மாதிரி குதித்தார். பிறகு என் சிவப்பு நூல் இறங்கியது. மாஸ்டர் அதை என் நெஞ்சில் சுற்றினார்.

"சும்மா நில்லு."

இனி யாரிடம் காட்ட இருக்கிறது? மூச்சை முழுசாக விட்டுவிட்டு நின்றேன். நூலின் நுனி சரியாக முடிச்சில் வந்து உட்கார்ந்தது.

"அட, மூணு மாசத்துல ஒண்ணுமே ஏறலியா!" என்றேன். அழுகையே வந்துவிட்டது.

"ஏறியிருக்குலே. அன்னைக்கு நீ மூச்சப் பிடிச்சு நின்ன அளவு இது. இன்னைக்கு விட்டுட்டு நிக்க. இப்ப இழு, பாப்பம்."

இழுத்தேன். நூல் பற்றவில்லை. நுனிக்கும் முடிச்சுக்கும் நடுவே விழுந்த இடைவெளியில் அவர் விரலை வைத்து அளந்தார். இரண்டு அங்குலத்துக்கு மேலேயே இருந்தது. முடிச்சு வரைக்கும் உள்ள நூலை நான் பிறகு தையற்கடையில் கொடுத்து அளந்து பார்த்தேன். சும்மா நிற்கும்போது இருக்க வேண்டும் என்று ஏட்டையா கேட்ட அளவு, அணுவும் குறையாமல்.

"அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா?" என்று கத்தினேன்.

"ரெண்டு தடவை சொன்னேன்" என்றார் மாஸ்டர்.

அடுத்த வாரம் இளையரசனேந்தலுக்குப் பஸ் ஏறினேன். கண்டக்டர் எழுந்திருக்கவில்லை.