எல்லை மீறிய ஐந்து எண்கள்

ஹுஸ்னியா கிண்ணியாவிலிருந்து காலை ஆறேமுக்கால் பஸ்ஸில் பாலம் கடந்து திருகோணமலை நகரத்துக்கு வேலைக்கு வருகிறவள். பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் உள்ள ஒரு சிறிய தனியார் ஆய்வுகூடத்தில் பத்தொன்பது வருடமாக இருக்கிறாள். இரத்தம் எடுப்பதும் மெஷினில் வைப்பதும் ரிப்போர்ட் கொடுப்பதும் அவள் வேலை. நரம்பு பிடிபடாத கைகளில்கூட ஒரே குத்தில் எடுத்துவிடுவாள் என்று பேர். ஆனால் அவளுக்கு இத்தனை வருடமும் கஷ்டமாக இருந்தது ஊசி இல்லை. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியவர்கள் கவுண்டரிலேயே நின்று, "மிஸ், இதில என்ன இருக்கு?" என்று கேட்கும் அந்த நிமிடம்தான்.

ரிப்போர்ட் இங்கிலீசில் இருக்கும். ஒரு பக்கம் சோதனையின் பேர், நடுவில் எண், வலது பக்கம் வழமையான அளவு. எண் அந்த அளவுக்கு வெளியே போனால் தடித்த எழுத்தில் வரும், பக்கத்தில் கூட என்றோ குறைய என்றோ ஓர் இங்கிலீசு எழுத்து இருக்கும். நோயின் பேரைச் சொல்வது டொக்டரின் வேலை, ஆய்வுகூடத்தின் வேலை அல்ல. அது ஹுஸ்னியாவுக்குத் தெரியும். ஆனாலும் எதிரில் நிற்கிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கவும் ஏலாது.

ஆரம்ப காலத்தில் அவள் எல்லாருக்கும் ஒரே பதில் வைத்திருந்தாள். ஒன்றுமில்லை, பயப்படாதீங்க. குறிஞ்சாக்கேணியிலிருந்து வந்த ஒரு விவசாயிக்கும் அப்படித்தான் சொன்னாள். அவருக்கு இரத்தத்தில் சீனி கொஞ்சம் கூடுதலாக இருந்தது. 'மிஸ்ஸே ஒன்றுமில்லை எண்டு சொல்லிட்டா' என்று அவர் டொக்டரிடம் போகவே இல்லை. இரண்டு வருடம் கழித்துக் காலில் ஆறாத புண்ணோடு வந்தார். அவர் ஹுஸ்னியாவைக் குறை சொல்லவில்லை. அவருக்கு அவள் சொன்னது நினைவிலேயே இல்லை. அவளுக்கு மட்டும் நினைவிருந்தது.

அதற்குப் பிறகு அவள் எதுவும் சொல்வதை நிறுத்திவிட்டாள். போன வருடம் ஆய்வுகூடத்துக்காரர், ரிப்போர்ட்டோடு சேர்த்துக் கொடுக்கத் தமிழில் ஒரு தாள் வேண்டும் என்று கேட்டபோது, அகராதியை வைத்துக்கொண்டு பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தாள். 'அசாதாரண மதிப்புகளின் எண்ணிக்கை', 'குறிப்பு எல்லை மீறல்', 'மருத்துவ ஆலோசனை பெறுக'. வாரத்தில் இரண்டு நாள் வந்து ரிப்போர்ட்களைப் பார்த்துக் கையெழுத்திடும் டொக்டர் ஸல்ஹா அதை ஒருமுறை வாசித்துவிட்டுத் தலையாட்டினார். தாள் அச்சாகி மூன்று மாதம் கொடுபட்டது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. விளங்கிவிட்டது என்றுதான் ஹுஸ்னியா நினைத்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணிக்குக் கூட்டம் குறைந்த நேரம், சாம்பல்தீவிலிருந்து புஷ்பவதி என்று ஒருத்தி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். கையில் நாலாக மடித்த ரிப்போர்ட். அவள் கவுண்டருக்கு வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"மிஸ், எங்கட வீட்டுக்காரருக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கு?"

ஹுஸ்னியா தாளை விரித்துப் பார்த்தாள். குணரத்தினம், வயது ஐம்பத்தெட்டு. களைப்பாக இருக்கிறது என்று போனவருக்கு டொக்டர் எழுதிக் கொடுத்த சாதாரண இரத்தப் பரிசோதனை. ஐந்து எண்கள் தடித்த எழுத்தில் இருந்தன. ரிப்போர்ட் கொடுத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

இங்கே வந்தது அவருக்குத் தெரியுமா என்று அவள் முதலில் கேட்டாள். தெரியாது என்றாள் புஷ்பவதி. அடுத்தவருடைய ரிப்போர்ட்டை அவர் சம்மதமில்லாமல் விளக்கக் கூடாது, அதனால் அவரோடு ஒரு சொல் கதைத்துவிட்டுச் சொல்கிறேன் என்று ஹுஸ்னியா போனை நீட்டினாள். புஷ்பவதி கொஞ்சம் யோசித்துவிட்டு எண்ணை அழுத்தினாள். குணரத்தினத்திடம் ஹுஸ்னியா விசயத்தைச் சொன்னாள். அவர் தானே வருவதாகச் சொன்னார்.

அவர் வந்து சேர ஒரு மணித்தியாலம் ஆனது. அதற்குள் புஷ்பவதி நடந்ததைச் சொல்லி முடித்திருந்தாள். ரிப்போர்ட்டை வாங்கி வந்த நாளிலிருந்து மனுசன் கடலுக்குப் போகவில்லை. மீன்பிடி வள்ளத்தின் எஞ்சினைத் துடைத்து மூடி வைத்துவிட்டார். டொக்டரிடம் காட்டச் சொன்னால், காட்டி என்ன ஆகப் போகிறது என்கிறார். ஐந்து வருத்தம் இருக்கிறதாம், எல்லாம் எல்லை மீறிப் போய்விட்டதாம். தமிழில் அச்சடித்துத் தந்திருக்கிறார்களே என்று அந்தத் தாளைக் காட்டுகிறார்.

ஹுஸ்னியா தன் தாளைத் திரும்ப வாசித்தாள். அசாதாரண மதிப்புகளின் எண்ணிக்கை: ஐந்து. குறிப்பு எல்லை மீறல்.

"அக்கா, எல்லை மீறல் எண்டா உங்களுக்கு என்ன விளங்கினது?"

"எங்கட ஆக்களுக்கு அதில ஒரு அர்த்தம்தான் இருக்கு மிஸ். போகக் கூடாத கடலுக்குள்ள போறது. போனா நேவி பிடிக்கும், வள்ளமும் போகும், ஆளும் போகும்."

ஹுஸ்னியா அந்தச் சொல்லின் கீழ் விரலை வைத்தாள். அவள் எழுதியதில் ஒரு சொல்லும் பிழையில்லை. ஆனால் தான் யாருக்கு எழுதுகிறோம் என்பதை அவள் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

அவள் டொக்டர் ஸல்ஹாவுக்கு போன் எடுத்து எண்களைப் படித்துக் காட்டி, எவ்வளவு சொல்லலாம் என்று கேட்டாள். எண்களுக்கு அர்த்தம் சொல்லு, நோய்க்குப் பேர் வைக்காதே, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லு என்றார் டொக்டர்.

குணரத்தினம் உயரமான மனிதர். வெயிலில் கறுத்த முகத்தில் ஒரு வெளிறல் இருந்தது. ஹுஸ்னியா அவரை இரத்தம் எடுக்கும் சிறிய அறைக்குள் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினாள். புஷ்பவதியும் இருக்கலாமா என்று அவரிடமே கேட்டாள். ஓம் என்றார். கதவைச் சாத்திவிட்டுத் தாளை மூவருக்கும் நடுவில் வைத்தாள்.

முதலில் வலது பக்கத்து எண்களைக் காட்டினாள். இது யாரும் போட்ட வேலி இல்லை என்றாள். நல்ல சுகமாக இருக்கிற நூறு பேரின் இரத்தத்தைப் பார்த்தால், தொண்ணூற்றைந்து பேருக்கு இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் வரும். மிச்ச ஐந்து பேருக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ வரும், அவர்களும் சுகமாகத்தான் இருப்பார்கள். ஆணுக்கு வேறு, பெண்ணுக்கு வேறு, மெஷினுக்கு மெஷின் சின்ன வித்தியாசமும் இருக்கும்.

புஷ்பவதி இடையில் சொன்னாள், "எங்கட ஊர் ஆம்பிளையள் நூறு பேரை வரிசையா நிப்பாட்டினா ரெண்டு மூண்டு பேர் சரியான நெட்டை, ரெண்டு மூண்டு பேர் சரியான கட்டை. அவையள் வருத்தக்காரர் இல்லைத்தானே. அப்பிடியோ மிஸ்?"

அப்படித்தான் என்றாள் ஹுஸ்னியா. தன்னிடம் அவ்வளவு நல்ல உதாரணம் இருக்கவில்லை என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டாள். ஆனால் கொஞ்சம் வெளியே போவது ஒன்று, நன்றாக வெளியே போவது இன்னொன்று என்று அவள் தொடர்ந்தாள். குணரத்தினத்தின் எண்களில் முக்கியமானது முதலாவது. இரத்தத்துக்குச் சிவப்பைக் கொடுத்து, மூச்சுக்காற்றை உடம்பு முழுக்கக் கொண்டு போகிற சாமான் அது. ஆண்களுக்குப் பதின்மூன்றிலிருந்து பதினேழு வரை இருப்பது வழமை. அவருக்கு ஒன்பது தசம் எட்டு. அதனால்தான் களைப்பு.

"மற்ற நாலும் வேற வேற வருத்தம் இல்லை அண்ணன். சிவப்பு அணு சின்னனா இருக்கு, அதுக்குள்ள சிவப்பும் குறைவு, ஒண்டு பெரிசு ஒண்டு சின்னன் எண்டு ஒரே அளவில்லாமலும் இருக்கு. இரத்தத்தை உறைய வைக்கிற அணு கொஞ்சம் கூட. இந்த அஞ்சும் ஒண்டாத்தான் வாறது. ஒரே விசயத்தை அஞ்சு இடத்தில எழுதியிருக்கு, அவ்வளவுதான்."

குணரத்தினம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அஞ்சு இல்லை," என்றார் மெதுவாக.

உடம்பில் இரும்புச் சத்து குறையும்போது பல நேரம் இப்படி வரும், வேறு காரணமும் இருக்கலாம், எது என்று டொக்டர்தான் பார்க்க வேண்டும் என்றாள் ஹுஸ்னியா. ஆண்களுக்கு இது சும்மா குறையாது, எங்கே குறைகிறது என்று தேட வேண்டும், அதனால் இந்தக் கிழமைக்குள், ஏழு நாளுக்குள், காட்ட வேண்டும். இந்த இடத்தில்தான் அவள் பழைய மாதிரி 'ஒன்றுமில்லை' என்று சொல்லியிருப்பாள். சொல்லவில்லை. ஒரு கிழமை வரை காத்திருக்கக் கூடாத அடையாளங்களையும் அதே குரலில் சொன்னாள். நெஞ்சுநோவு, மயக்கம், நடக்க மூச்சுவாங்குதல், மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போதல். இவற்றில் ஒன்று இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

குணரத்தினம் மனைவியைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"கறுப்பாத்தான் போகுது. ரெண்டு கிழமையா," என்றார். "நான் அதைப் பெரிசா நினைக்கேல்லை. ஒருத்தரும் கேட்கவும் இல்லை."

புஷ்பவதி அவர் கையைப் பிடித்தாள். ஹுஸ்னியா குரலை மாற்றாமல் சொன்னாள்.

"நல்லது அண்ணன், சொல்லிட்டீங்க. அப்ப கிழமை வேணாம், இண்டைக்கே போங்க. பெரியாஸ்பத்திரி நடந்து போற தூரம்தான். இந்தத் தாளையும், குடிக்கிற குளிசை எல்லாத்தையும் காட்டுங்க."

குளிசை என்றதும் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்தார். முதுகு நோவுக்குக் கடையில் வாங்கிப் பல மாதமாகப் போடுகிற நோவுக் குளிசை. அதையும் காட்டச் சொன்னாள். மூன்று பேருமாகத் தெருவைக் கடந்தார்கள். வெளிநோயாளர் பிரிவின் வாசல்வரை அவள் கூடவே போனாள்.

அன்றைக்கே அவரை வார்டில் வைத்துக்கொண்டார்கள். மறுநாள் வாய் வழியாகக் கமரா விட்டுப் பார்த்ததில் இரைப்பையில் ஒரு புண் கசிந்துகொண்டிருந்தது. ஒரு துண்டு எடுத்துச் சோதித்தும் பார்த்தார்கள், கெட்டது ஒன்றும் இல்லை. இரத்தம் ஏற்றத் தேவைப்படவில்லை. நோவுக் குளிசை நிறுத்தப்பட்டது, புண்ணுக்கு மருந்து, பிறகு இரும்புக் குளிசை. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை புஷ்பவதி தனியாக வந்தாள். நன்றி சொல்ல வந்தவளை ஹுஸ்னியா விடவில்லை. நான்தான் உங்களுக்கு நன்றி சொல்ல வேணும் அக்கா என்று, அச்சடித்த தாளையும் ஒரு பேனையையும் அவள் முன்னால் வைத்தாள். மூன்று மாதத்தில் இருநூறு பேருக்கு மேல் இந்தத் தாளைக் கொண்டு போனார்கள். பயந்தவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். திரும்பி வந்து கேட்டது நீங்கள் ஒருத்திதான் என்றாள். நெருடுகிற சொல்லுக்கெல்லாம் கோடு போடச் சொன்னாள்.

புஷ்பவதி எட்டாம் வகுப்போடு நிறுத்தியவள். வெட்கப்பட்டாள். ஆனால் பேனையைப் பிடித்ததும் தயவு பார்க்கவில்லை. 'அசாதாரணம்' போனது. 'மீறல்' போனது. 'மதிப்பு' என்றால் சாமானின் விலை போல இருக்கிறது என்றாள், அதுவும் போனது. 'ஆலோசனை பெறுக' என்றால் யாரிடம், எப்ப என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் புதிய தாளின் மூன்று வரிகள் பிறந்தன: இதை அடுத்த முறை டொக்டரிடம் போகும்போது காட்டுங்கள், இதை இந்தக் கிழமைக்குள் காட்டுங்கள், இதை இன்றைக்கே காட்டுங்கள். பொருந்துகிற வரிக்கு நேரே சரி போட்டுக் கொடுக்க வேண்டும். எதற்குச் சரி போடுவது என்பதை டொக்டர் ஸல்ஹா எண் எண்ணாக எழுதித் தந்தார். தாளின் அடியில், தடித்த எழுத்துகளின் எண்ணிக்கை வருத்தங்களின் எண்ணிக்கை அல்ல என்று ஒரு வரியும் சேர்ந்தது.

இரண்டரை மாதம் கழித்துக் குணரத்தினம் தானே வந்து இரத்தம் கொடுத்தார். ரிப்போர்ட்டை வாங்கியதும் கவுண்டரிலேயே நின்று விரலை வைத்துப் படித்தார். பன்னிரண்டு தசம் ஏழு. அது இன்னும் தடித்த எழுத்தில்தான் இருந்தது. மற்ற நாலில் மூன்று வழமைக்கு வந்துவிட்டன.

"இன்னும் கொஞ்சம் ஏற வேணும், என்ன மிஸ்," என்றார். "குளிசையை டொக்டர் சொல்லுமட்டும் விடமாட்டன்."

அவர் கடலுக்குப் போகத் தொடங்கி மூன்று கிழமை ஆகியிருந்தது. வாசலில் புஷ்பவதி நின்றாள். ஹுஸ்னியா அவளை உள்ளே கூப்பிட்டாள். சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதிய தாள் ஒன்று மேசையில் காத்திருந்தது. 'எதிர்மறை' என்று வந்தால் சனம் கெட்ட செய்தி என்று நினைக்கிறது, அதற்கு என்ன சொல் போடலாம் என்று கேட்டாள். புஷ்பவதி கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"இல்லை எண்டு போடுங்கோவன் மிஸ்," என்றாள். "தேடினது இல்லை."

ஹுஸ்னியா அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.