சாய்க்கும் கிரைண்டரா, தூக்கும் கிரைண்டரா

சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில் ஒன்றரை ஆண்டு இருந்தேன். ஓரிடத்தில் நான் அதற்கு முன் அவ்வளவு காலம் தங்கியதில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு எத்தனையோ நாடுகள். இந்த நாட்டுக்கு வந்து பாசலில் உணவகச் சமையலறைகளில் தட்டுக் கழுவினேன், ஆராவில் அலுவலகங்களைத் துடைத்தேன். குளிர்காலத்தில் படுக்க இடம் இருந்தால் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அந்த ஆண்டுகளில் நான் கற்றது. அதனால் அந்த அறை எனக்குப் பெரிய விஷயம். அது கடைக்கார அண்ணையின் அறை.

அந்தக் காலத்தில் இங்குள்ள தமிழருக்கான ஒரு இணையப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். எந்தச் சட்டி ஒட்டாது, எந்த மாவில் இடியப்பம் உதிராது என்பது போன்றவை. பக்கத்தை நடத்தியவள் பாசலில் பிறந்து வளர்ந்த ஒரு பெண். மருந்துக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் வேலை. என்னை அங்கிள் என்பாள், ஆனால் அந்தச் சொல்லில் மரியாதை ஒரு துளியும் இருக்காது.

ஒரு தை மாதம் அண்ணை கடைக்குச் சாய்க்கும் கிரைண்டர் இறக்கினார். கைபிடியைத் தள்ளினால் கிண்ணம் சாய்ந்து மாவை ஊற்றும். ஆராவில் இன்னொருவர் பழைய வகையை விற்றார். அதில் கிண்ணத்தைக் கையால் தூக்கித்தான் மாவை எடுக்க வேண்டும். இருவரும் ஒருகாலத்தில் ஒரே கடையில் பங்காளிகள். இப்போது ஒருவர் பெயரை மற்றவர் வாயால் சொல்வதில்லை.

"நம்மட மெஷினைப் பற்றி ரெண்டு வரி நல்லா எழுதும் தம்பி," என்றார் அண்ணை.

பக்கத்தை நடத்தியவளிடம் கேட்டேன். "விளம்பரம் போட மாட்டன். ரெண்டையும் சேத்து வச்சு எழுதுங்கோ. ஒரே உளுந்து, ஒரே தண்ணி, ஒரே நேரம். ஆர் எதை வாங்க வேணும் எண்டு கடைசியில தெரிய வேணும். ரெண்டும் இரவல் மெஷின் எண்டதையும் முதல்லயே சொல்லுங்கோ."

அண்ணைக்குப் பயமில்லை. "எழுதட்டும். அவன்ட இரும்போட என்ரை வெல்லும்," என்றார். ஆராவ்காரரும் ஒன்றை அனுப்பிவைத்தார். பெட்டிக்குள் ஒரு காகிதத்துண்டு: "நடுநிலை எண்டால் என்னெண்டு தெரியுமோ எண்டு பாப்பம்."

நான் நியாயமாகச் செய்வதாகத்தான் நினைத்தேன். ஒரே பையிலிருந்து உளுந்தை அளந்தேன். உணவகத்திலிருந்து கொண்டுவந்த, ஒரேயளவான இரண்டு பிளாஸ்டிக் வாளிகளில் பேனாவால் கோடு போட்டேன். மாவு எவ்வளவு பொங்கியது என்று அந்தக் கோட்டிலிருந்து பார்க்கலாம். கிண்ணங்களைக் குளியலறைத் தராசில் நிறுத்தேன். தூக்கும் கிரைண்டரின் கிண்ணம், அடியில் கல்லும் உள்ளே மாவுமாக, இரண்டு மாதப் பிள்ளையின் கனம் இருந்தது. கழுவுவதற்கு அதுதான் சுகம், அப்படியே தொட்டிக்குள் வைக்கலாம். மற்றதைக் கழுவத் தண்ணீர் விட்டு ஓட்டி, சாய்த்து, துடைத்து, திரும்பவும் தண்ணீர் விட வேண்டும். சாய்க்க முன்பக்கத்தில் இடமும் மேலே உயரமும் தேவை. சத்தம் இரண்டிலும் ஒன்றுதான். கடைக்கும் என் அறைக்கும் இடையில் இருந்த வீட்டுச் சுவிஸ்காரி இரண்டுக்கும் தும்புத்தடியால் ஒரே அளவில்தான் தன் வீட்டு முகட்டில் இடித்தாள்.

தூக்கும் கிரைண்டரில் முதலில் அரைத்தேன். முடியும்போது பன்னிரண்டு மணி. அந்தக் கட்டடத்தில் பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை சத்தம் போடக் கூடாது. ஒரு மணிக்குப் பிறகு மற்றதை ஓட்டினேன். மறுநாள் காலை தோசைக்கு இரண்டு மாவும் புளித்திருக்க வேண்டும். ஒன்று பிந்திவிட்டதே என்று, பிந்தியதைத் தூக்கி ஹைட்சுங் என்னும் அறைச் சூடாக்கிக்கு மேல் உள்ள பலகையில் வைத்தேன். அந்தப் பலகையில் ஒரு வாளிக்குத்தான் இடம். குளிர்காலத்தில் இந்த நாட்டில் எங்கள் எந்த வீட்டிலும் மாவு சூடாக்கிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். கை தானாகச் செய்த வேலை அது. யோசிக்கவேயில்லை.

காலையில் சாய்க்கும் கிரைண்டரின் மாவு வாளி விளிம்பைத் தொட்டு நின்றது. மற்றது பாதிக்குக் கொஞ்சம் மேலே. இரண்டையும் படம் எடுத்தேன். "சாய்க்கும் வகை மாவைக் கூடுதலாகப் பொங்க வைக்கிறது. மென்மையான தோசை வேண்டுமானால் அதுதான்" என்று முதல் பந்தியிலேயே எழுதினேன். கனம், இடம், கழுவுதல் எல்லாம் கீழே போயின. இத்தனை தெளிவான வேறுபாடு கிடைத்த பிறகு அவற்றை யார் வாசிப்பார்கள்?

அண்ணை அதை அச்சடித்துக் கடைக் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டினார். இணையத்தில் திட்டு வந்தது. "சோத்துக்கு எழுதிற ஆள்," என்றான் ஒருவன். "மேல்மாடி அறைக்கு நன்றிக்கடன்," என்றான் இன்னொருவன். சமையலறைகளில் இதைவிட மோசமாகக் கேட்டிருக்கிறேன். மூன்றாம் நாள் ஒரு பெண் எழுதினாள்.

"என்ரை குசினி சின்னன். தூக்கிறதுக்கு எனக்குக் கஷ்டமில்லை, கையில வருத்தமும் இல்லை. ஆனா மாவு பொங்குமெண்டால் மேசையை எடுத்துப்போட்டு எண்டாலும் சாய்க்கிறதை வாங்கிறன். சனிக்கிழமை கடைக்கு வாறன்."

அவளுடைய சின்னச் சமையலறைக்குப் பொருந்தாத மெஷினை அவள் ஒரேயொரு காரணத்துக்காக வாங்கப் போகிறாள், அந்தக் காரணம் நான் எழுதியது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அன்று மாலையே பக்கத்தை நடத்தியவள் பாசலிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள்.

"அங்கிள், படத்தில ஒரு வாளிக்குப் பின்னால வெள்ளைக் கம்பி தெரியுது. அது என்ன?"

"ஹைட்சுங்."

"மற்ற வாளிக்குப் பின்னால?"

"யன்னல்."

"தை மாசம். ஒண்டை ஹைட்சுங்குக்கு மேல வச்சிருக்கிறீங்கள், மற்றதை யன்னலுக்குப் பக்கத்தில. பிறகு கிரைண்டர் பொங்க வச்சதெண்டு எழுதிறீங்கள்?"

"பிந்தின மாவு. அதுதான் சூட்டில…"

"ஏன் பிந்தினது?"

மதியம் ஒரு மணிவரை சத்தம் போடக் கூடாததைச் சொன்னேன்.

"அப்ப ரெண்டாவது உளுந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல கூடுதலா ஊறியும் இருக்கு. என்ரை லாபில இப்பிடிச் செய்தால் அண்டைக்கே வீட்டுக்கு அனுப்புவாங்கள். நீங்கள் கிரைண்டரைச் சோதிக்கேல்லை அங்கிள், உங்கட சூடாக்கியைச் சோதிச்சிருக்கிறீங்கள்."

"நீங்களும் வாசிச்சுத்தானே போட்டனீங்கள்?"

"ஓம். அது என்ரை பிழை. அதையும் எழுதுவன்." குரல் இளகவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள திரும்பச் செய்யுங்கோ. அந்த அக்கா சனிக்கிழமை கடைக்குப் போறா."

திரும்பச் செய்தேன். இம்முறை உளுந்தை இரண்டு பாத்திரத்தில், அரைக்கும் நேர இடைவெளி விட்டு ஊறவைத்தேன். சாய்க்கும் கிரைண்டரை முதலில் ஓட்டினேன். இரண்டு வாளியையும் ஒரே மேசையில், ஒன்றையொன்று தொட்டபடி வைத்தேன். பிந்திய மாவுக்கு அதே அளவு நேரம் பிந்திக் கோடு பார்த்தேன். இரண்டும் ஒரே உயரம். அடுத்த நாள் வரிசையை மாற்றி இன்னொரு தரம். திரும்பவும் ஒரே உயரம். தோசையைக் கண்ணை மூடிக்கொண்டு தின்று பார்த்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை திருத்தத்தைப் பதிவின் தலையில் போட்டோம். பழைய பந்தியை அழிக்கவில்லை, குறுக்கே கோடு போட்டு விட்டோம். என்ன பிழை, எப்படி வந்தது, யார் அறையில் இருக்கிறேன், எல்லாம் எழுதினேன். பிறகு முதலிலேயே எழுதியிருக்க வேண்டியதை எழுதினேன்: மாவில் வேறுபாடில்லை. மணிக்கட்டிலோ தோளிலோ வருத்தம் உள்ளவர், கிழமைக்கு இரண்டு மூன்று தடவை அரைப்பவர் சாய்க்கும் வகையை வாங்குங்கள். குசினி சின்னதென்றால், மேலே அலுமாரி தாழ்வென்றால், தொட்டியில் போட்டுக் கழுவ விருப்பமென்றால் தூக்கும் வகை. வாங்குமுன் அலுமாரிக்குக் கீழ் உள்ள உயரத்தை அளந்து பாருங்கள்.

மத்தியானத்துக்குள் அண்ணை படியேறி வந்துவிட்டார். அதுவரை என்னை 'நீர்' என்றுதான் கதைப்பார்.

"என்னடா எழுதியிருக்கிறாய்?"

"உள்ளதை அண்ணை."

"முதல் எழுதினது உள்ளதில்லையோ? நான் சொல்லியோ எழுதினனீ? நீயாத்தானே எழுதினாய்?"

"ஓம், நானாத்தான் பிழையா எழுதினது."

"பிழை உன்னோட இருக்கட்டும். ஏன் அதை ஊருக்குச் சொல்லுறாய்? அவன் ஆராவில இருந்து சிரிக்கிறான். என்ரை கூரைக்குக் கீழ இருந்து எனக்கே குழி வெட்டுறியோ?"

"உங்கட மெஷின் கூடாதெண்டு எழுதேல்லை. கை ஏலாத சனத்துக்கு அதுதான் நல்லதெண்டு எழுதியிருக்கு."

"கை ஏலாத சனத்துக்கு! நான் என்ன ஆஸ்பத்திரிச் சாமானோ விக்கிறன்?" கதவில் கையை ஊன்றிக்கொண்டார். "பழையதைத் திரும்பப் போடு. இல்லாட்டி அறையை விடு."

அறையை விடுகிறேன் என்று சொல்ல எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. துணிவு என்று எவரும் எண்ண வேண்டாம். அந்தப் பெண் மேசையைத் தூக்கி வெளியே வைப்பது கண்ணுக்குள் நின்றது, அவ்வளவுதான். பாசல்காரியிடம் சொன்னபோது, "அப்பிடி உடன வெளியில போகச் சொல்ல ஏலாது அங்கிள், சட்டம் இருக்கு. எதிர்த்து நில்லுங்கோ," என்றாள். சட்டம் இருப்பது எனக்கும் தெரியும். ஆனால் தினமும் ஒரே படியில் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வாழ எனக்குப் பழக்கமில்லை. போய்ப் பழக்கம் உண்டு.

சனிக்கிழமை காலை ஒரு பையும் ஒரு பிளாஸ்டிக் வாளியுமாகக் கீழே இறங்கினேன். பழைய பதிவு இன்னும் கண்ணாடிக்கு உள்ளே ஒட்டியபடி இருந்தது. கண்ணாடிக்கு வெளியே, அதற்குப் பக்கத்தில், திருத்தத்தின் அச்சுப் பிரதியை நான் ஒட்டினேன். பேருந்து வர இன்னும் நேரம் இருந்தது. நிறுத்தம் கடைக்கு நேர் எதிரே.

சிவப்புக் குளிரங்கி போட்ட ஒரு பெண் வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். உள்ளே இருந்ததை வாசித்தாள். வெளியே இருந்ததை வாசித்தாள். பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பார்த்தாள். அதில் அவளுடைய குசினியின் அளவு எழுதியிருந்திருக்க வேண்டும். பிறகு கடைக்குள் எட்டி, காட்சிக்கு வைத்திருந்த கிரைண்டரைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோலத் தலையாட்டினாள். திரும்பியபோது என் வாளியைக் கண்டாள். பேனாக் கோடு போட்ட வாளி, இணையத்தில் படம் வந்த அதே வாளி.

தெருவைக் கடந்து வந்தாள்.

"நீங்களோ அது எழுதினது?"

"ஓம்."

"முதலே ஒழுங்கா எழுதியிருக்கலாமே. ரெண்டு பஸ் மாறி வந்தனான். இனி ஆராவுக்கு எல்லே போக வேணும்."

"மன்னியுங்கோ அக்கா."

"மன்னிச்சு என்ன செய்யிறது?" என்றுவிட்டு ரயில் நிலையத்துப் பக்கம் நடந்தாள்.

எதிரே அண்ணை வெளியே வந்து நின்றார். குளிரில் ஒட்டுநாடா இறுகிவிட்டது. நான் ஒட்டிய திருத்தத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். பேருந்து புறப்படும்போதும் காகிதத்தின் மேல்பாதி கண்ணாடியில்தான் இருந்தது.