கனோபி விளக்கு எரிந்த நேரம்

பெர்னடெற் அக்கா ஹொலண்டிலிருந்து லண்டனுக்கு வந்து, பந்தய நிறுவனமொன்றில் தொலைபேசியில் பந்தயம் எழுதும் வேலையில் சேர்ந்தார். நான்கு வருடங்களில் கிரிக்கெட் விலை போடும் மேசைக்கு வந்துவிட்டார். மூன்று மாதச் சோதனைத் தவணை. தேறினால் நாற்காலி அவருக்கு, இல்லாவிட்டால் திரும்பவும் தொலைபேசிக்கு. தவணையின் கடைசி நாள், ஒரு கோடையில், நொட்டிங்ஹாமில் நடந்த டெஸ்ட் ஆட்டம் ஒன்றின் ஐந்தாம் நாளாக அமைந்தது. நான் அடுத்த மேசையில் உதைபந்துக்கு விலை போட்டுக்கொண்டிருந்தேன்.

விலை என்பது வென்றால் கிடைக்கும் லாபம். டெஸ்டுக்கு மூன்று விலை: இந்த அணி, அந்த அணி, சமநிலை. அன்று துடுப்பாடிய அணிக்கு இலக்கு எட்டாத தூரம். மிச்சமிருந்த எட்டு விக்கெட்டை வைத்து அன்றைய பொழுதை ஓட்டினால் சமநிலை. ஓட்ட முடியாவிட்டால் தோல்வி. மதியத்திலிருந்து மழை என்றது வானிலை அறிக்கை. மழை பெய்தால் ஓவர்கள் போகும், சமநிலை நெருங்கும். எல்லா நிறுவனங்களும் காலையிலேயே சமநிலை விலையைக் குறைத்தன. எங்கள் லண்டன் ஜன்னலில் மழை வழிந்தது.

அக்கா குறைக்கவில்லை. ஒரு பவுண் வைத்தால் ஒரு பவுண் பத்துப் பென்ஸ் லாபம் என்று விட்டார். மற்ற இடங்களில் ஐம்பது பென்ஸ்கூடக் கிடைக்காது. லண்டன் பந்தயக் கடைகளில் குடையோடு நின்றவர்கள் எல்லாரும் எங்களிடம் சமநிலையை வாங்கினார்கள்.

"மழைக்கு ஒதுங்கிற சனம் மழையிலதான் காசு போடும்" என்றார் அக்கா. "மட்ச் நடக்கிறது இஞ்ச இல்லையே தம்பி."

மேலாளர் கிரஹாம் வந்து, விலையைக் குறைப்பதற்கு என்ன தடை என்று கேட்டார். அக்கா தொலைக்காட்சியைக் காட்டினார். நான்கு நாள் வெயிலில் ஆடுகளம் வெடித்திருந்தது. பந்துவீச்சாளர்களின் கால்பட்டு ஓஃப் ஸ்டம்புக்கு வெளியே மண் பெயர்ந்து கிடந்தது. சுழற்பந்து அங்கே விழுந்தால் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. மழை வராவிட்டால் எட்டு விக்கெட்டும் போகலாம்.

"மழை வராதென்று எப்படித் தெரியும்?" என்றார் கிரஹாம்.

அக்கா தொலைபேசியை எடுத்தார். நொட்டிங்ஹாமின் மேற்கு ஓரத்தில், டார்பி வீதியில், சற்குணம் அண்ணை பெற்றோல் ஸ்டேஷனில் காசாளர். ஹொலண்ட் அகதி முகாமில் அக்காவுக்குப் பழக்கம்.

"அண்ணை, டார்பிப் பக்கத்தால வாற காரெல்லாம் நனைஞ்சிருக்கோ?"

"காய்ஞ்சு தூசியா வருது. ஏன், உடுப்புக் காயப்போடப் போறியோ?"

காற்று மேற்கிலிருந்து வீசியது. அங்கே நனையாத கார் என்றால் மைதானத்தில் நனையாத ஆட்டம். கிரஹாம் தன் அறைக்குத் திரும்பினார்.

மழை வரவில்லை. தேநீர் வேளைக்குள் ஆறு பேர் ஆட்டமிழந்தார்கள். இரண்டு பந்துகள் அந்தப் பெயர்ந்த மண்ணில்தான் விழுந்தன. அக்காவின் முகத்தில் வெற்றி அரும்பத் தொடங்கியபோது திரை மங்கியது. தொலைக்காட்சிதான் பழுதோ என்று நினைத்தேன்.

அக்கா எழுந்தே விட்டார். "ஐயோ, வெளிச்சம்! மழையையே பாத்துக்கொண்டிருந்து வெளிச்சத்தை விட்டிட்டன்!"

அந்த நாள்களில் வெளிச்சம் குறைந்தால் நடுவர்கள் துடுப்பாட்டக்காரரிடம்தான் கேட்பார்கள்: ஆடுகிறீர்களா, போகிறீர்களா? தோற்கப்போகிறவன் ஏன் நிற்பான்?

மீண்டும் நொட்டிங்ஹாமுக்குத் தொலைபேசி. "அண்ணை, வெளியில இருட்டோ?"

"பம்புக்கு மேல கூரையில, இருட்டினா எரியிற கனோபி லைற் இப்பதான் தானா எரிஞ்சது. நாலரைக்கு! கோடையில நான் காணேல்லை."

அக்கா சமநிலையை நாற்பது பென்ஸுக்கு இறக்கினார். மற்ற நிறுவனங்களின் விலை இன்னும் அசையவில்லை. பந்துவீசிய அணியின் வெற்றிக்கு விலையைக் கூட்டியதும் பணம் அந்தப் பக்கம் திரும்பியது. பத்து நிமிடம் கழித்து இன்னொரு விக்கெட். அடுத்த ஓவரில் நடுவர்கள் வெளிச்சமானியைப் பார்த்தார்கள். துடுப்பாடிய இருவரும் ஓடாத குறையாகப் போனார்கள். ஆட்டம் திரும்பவில்லை. சமநிலை.

காலையில் வாங்கியவர்களுக்கு நிறுவனம் கொடுக்க வேண்டியிருந்தது. அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

கிரஹாம் வந்து, மழை வராது என்றது சரி, வெளிச்சத்தை மறந்தது பிழை, ஆனால் ஊர் முழுக்கச் செய்த பிழையை நீதான் முதலில் கண்டாய் என்றார். நாளைக்கும் இதே நாற்காலிதான் என்றும் சொன்னார்.

அவர் போனதும் அக்கா முதலில் அழைத்தது வீட்டை அல்ல.

"அண்ணை, வேலை நிலைச்சிட்டுது. நீங்கள் சொன்ன லைற்றாலதான். என்னெண்டு நன்றி சொல்ல?"

"நான் என்ன, கண்டதைத்தானே சொன்னன். சரி, ஆர் வெண்டது?"

"ஒருத்தரும் இல்லை அண்ணை. சமநிலை."

"அஞ்சு நாள் விளையாடியுமோ?" அண்ணையின் குரல் எனக்கே கேட்டது. "அதுக்கு உனக்குச் சம்பளமும் தாறாங்களே? பிள்ளை, அந்த வேலையை மட்டும் விட்டிடாதை."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "விடமாட்டன் அண்ணை" என்றார்.