ஹிஸ்டமின் வரிசையில் இல்லாத மருந்து

ஐந்தருவியில் குளித்துவிட்டுக் கரையேறியபோது செத்துப்போகப் பார்த்தேன் என்று சொன்னால், எங்கள் தென்காசிக்காரர்கள் முதலில் கேட்பது, “பாசியில வழுக்கிட்டியாட்டி?” என்பதுதான். வழுக்கவில்லை. தண்ணீரில் முங்கவில்லை. தலையில் கல் விழவில்லை. என் உடம்புக்குள் இருந்தே ஒரு பொருள் கிளம்பி வந்து என்னைக் கொல்லப் பார்த்தது. அதன் பெயரை முந்தின நாள் மத்தியானம்தான் என் கையாலேயே சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன்.

அப்போது நான் பார்மசி மூன்றாம் வருஷம். மருந்தியல் இரண்டாம் தாள் பரீட்சைக்கு முந்தைய விடுமுறை. என்னோடு படிக்கும் இலத்தூர்க்காரி ஒருத்தி ஸ்கூட்டரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். மாடி அறையில் இரண்டு பேரும் உட்கார்ந்து படிப்போம். படிப்பதைவிடச் சண்டை போடுவதுதான் அதிகம். எனக்கு வாய் நீளம், அவளுக்குப் பிடிவாதம் நீளம்.

அன்றைக்கு எடுத்தது ஆட்டகாய்டு பாடம். உடம்பு தேவைப்பட்ட இடத்திலேயே சுரந்து, அக்கம்பக்கத்திலேயே வேலையைக் காட்டிவிட்டுச் சீக்கிரமே அழிந்துபோகும் பொருட்களுக்கு அந்தப் பெயர். ஹிஸ்டமின், செரடோனின், புரோஸ்டாகிளாண்டின் மூன்றையும் ஒரே அட்டவணையில் அடைத்துவிட வேண்டும், பரீட்சைக்குப் போகுமுன் ஒரு பார்வை பார்த்தால் போதும் என்று நான் சொன்னேன். ஒரு சார்ட் தாளை விரித்துக் கட்டம் போட்டேன். எங்கே உண்டாகிறது, செல்லின் மேல் பூட்டுத் துவாரம் மாதிரி இருக்கும் எந்த ரிசப்டரில் போய் உட்காருகிறது, உட்கார்ந்தால் என்ன நடக்கிறது, எந்த மருந்து அதைத் தடுக்கிறது. இவ்வளவுதான்.

மனப்பாடம் ஆவதற்கு ஒவ்வொரு வரிசையையும் ஒரு ஆள் தலையில் கட்டினோம். செரடோனின் என் அம்மா. அவளுக்கு ஒற்றைத் தலைவலி. மூளையின் ரத்தக்குழாயில் இருக்கும் ஒன்-பி, ஒன்-டி ரிசப்டரைத் தூண்டும் மாத்திரை போட்டால் குழாய் சுருங்கி வலி அடங்கும். அதே செரடோனின் மூன்றாம் நம்பர் ரிசப்டரில் உட்கார்ந்தால் வாந்தி, நான்காம் நம்பரில் உட்கார்ந்தால் குடல் ஓட்டம். புரோஸ்டாகிளாண்டின் இலத்தூர்க்காரி. மாதாமாதம் அவள் கர்ப்பப்பையைப் பிழிந்து எடுப்பது அதுதான். காய்ச்சலும் அதனால்தான், இரைப்பையின் உள்தோலைக் காப்பாற்றுவதும் அதுதான். அதனால்தான் வெறும் வயிற்றில் வலி மாத்திரை போட்டால் எரிகிறது. “நல்லதும் அதுவே, கெட்டதும் அதுவே. ஒன்னய மாதிரிட்டி,” என்றாள் என்னைப் பார்த்து.

ஹிஸ்டமின் வரிசைக்கு ஆள் நான். கொஞ்ச நாளாகவே என் தோலில் எதையாவது வைத்துக் கீறினால் அந்தக் கோடு அப்படியே தடித்து எழும். அவளுக்கு அது பெரிய வேடிக்கை. ஹேர்பின்னின் மழுங்கிய முனையால் என் முன்கையில், ஹிஸ்டமினின் முதல் ரிசப்டர் பெயரை, ‘ஹெச் 1’ என்று எழுதினாள். முதலில் சிவந்தது. பிறகு சுற்றிலும் சிவப்பு பரவியது. பிறகு எழுத்து அப்படியே மேலே எழுந்து நின்றது. புத்தகத்தில் மூன்று படியாகப் போட்டிருக்கிறானே, அதே வரிசையில், அச்சுப் பிசகாமல்!

“ஏட்டி, ஒன் கைய காட்டுனா பரீட்சைக்கு வார எக்ஸ்டர்னல் சாரு முழு மார்க்கும் போட்டுருவாரு,” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்தான் சிரித்தேன். அரிப்புத் தாங்காமல் ஒரு செட்ரிசின் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஹிஸ்டமினைச் சேர்த்து வைத்திருக்கும் மாஸ்ட் செல், ஹெச் 1, ரத்தக்குழாய் விரிவு, நீர்க்கசிவு, அரிப்பு, மூச்சுக்குழல் சுருக்கம் என்று எழுதிக்கொண்டே போனேன். ஹெச் 2-க்கு இரைப்பை அமிலம், இதயத் துடிப்பு. ஹெச் 3 மூளையில். ஹெச் 4 வெள்ளணுக்களில்.

கடைசிக் கட்டத்தில்தான் சண்டை. தடுக்கும் மருந்து என்ற இடத்தில் நான் செட்ரிசினையும் மற்ற ஆன்டிஹிஸ்டமின்களையும் எழுதி முடித்திருந்தேன். அவள் பேனாவைப் பிடுங்கினாள்.

“அட்ரினலின்னு ஒரு வரி சேக்கேன்ட்டி. அலர்ஜி முத்தி பிரஷர் விழுந்துட்டுன்னா ஆன்டிஹிஸ்டமின் தாங்காதுல்லா.”

“அட்ரினலின் ஆட்டகாய்டா?”

“இல்ல.”

“ஹிஸ்டமின் ரிசப்டர்லயா போயி உக்காருது?”

“இல்ல. அது வேற ரிசப்டர்ல உக்காந்து எதிர் வேல பாக்குது. அதத்தான் சொல்லுதேன்.”

“அது போன செமஸ்டர் பாடம். நாமதான் பாஸ் பண்ணிட்டோம்லா? இங்கன கொண்டாந்து எழுதின, கைய ஒடிச்சிருவேன்.”

முறைத்துப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திருப்பித் தந்தாள். அட்டவணை சுத்தமாக, மூன்று வரிசையோடு முடிந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மறுநாள் காலையில், தலைச்சூடு தணிய ஒரு குளியல் போட்டுவிட்டு வந்து படிப்போம் என்று இருவரும் ஐந்தருவிக்குக் கிளம்பினோம். கார்த்திகை மாதம். வெள்ளம் வடிந்து, குளிக்கப் போட்டிருந்த தடையை எடுத்திருந்தார்கள். வழியெல்லாம் ஐயப்ப சாமிகளின் வேன்கள். ஸ்கூட்டரில் போகும்போதே காற்றுப்பட்டு என் கன்னம் அரித்தது. சொறிந்துகொண்டேன். ஐஸ் போட்ட ஜூஸ் டம்ளரைப் பிடித்தால் விரல் வீங்குவதும், குளிர்ந்த தண்ணீரில் துணி அலசினால் கை தடிப்பதும் அந்த மழைக்காலத்தில் புதிதாக வந்திருந்தன. சோப்புத்தூள் சேரவில்லை என்று வேறு சோப்புத்தூள் வாங்கியிருந்தோம். குளிருக்கும் தடிப்புக்கும் முடிச்சுப் போட எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. மருந்து படிக்கிற எனக்கே தோன்றவில்லையே, வேறு யாருக்குத் தோன்றும்?

பெண்கள் பக்கத்து அருவியில் போய் நின்றேன். நடக்கப் பழகிய வயசிலிருந்து நான் குளிக்கிற தண்ணீர் அது. முதுகில் அறைந்து விழுந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளங்கால் அரித்தது. பிறகு உள்ளங்கை, பிறகு தலை, பிறகு உடம்பு முழுக்க. வயிற்றை யாரோ முறுக்கியதுபோல வலித்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தேன். இலத்தூர்க்காரி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

“ஏட்டி… என்னட்டி இது, உடம்பெல்லாம்!”

குனிந்து பார்த்தேன். கை, கால், கழுத்து எல்லாம் தடித்துத் தடித்து ஒன்றோடொன்று சேர்ந்திருந்தது. நேற்று ஹேர்பின் எழுதியதை இன்றைக்கு அருவி எழுதியிருந்தது. எதையோ சொல்ல வாயைத் திறந்தேன். குரல் கரகரத்து அடைத்துக்கொண்டது. மூச்சு விசில் அடித்தது. கண் இருண்டு, ஈரக் கல்லில் அப்படியே சரிந்தேன்.

கூட்டம் கூடிவிட்டது. “குளுரு தாங்கல, சுக்குக்காப்பி குடுங்க” என்றாள் ஒருத்தி. “சாப்பிடாம குளிச்சிருப்பா” என்றாள் இன்னொருத்தி. எல்லாம் எங்கோ தூரத்தில் கேட்டது. இலத்தூர்க்காரி என் பையைத் துழாவி செட்ரிசின் அட்டையை எடுப்பது மட்டும் தெரிந்தது. ஒரு மாத்திரையைப் பிதுக்கி என் உதட்டருகே கொண்டு வந்தாள்.

அப்போது என் தலைக்குள் ஓடியது என்ன தெரியுமா? அம்மா இல்லை, சாமி இல்லை. அந்தப் பாழாய்ப்போன அட்டவணை! ஹிஸ்டமின், ஹெச் 1, குழாய் விரிவு, நீர்க்கசிவு, மூச்சுக்குழல் சுருக்கம். ஒவ்வொன்றும் என் உடம்பில் வரிசை மாறாமல் நடந்துகொண்டிருந்தது. கடைசிக் கட்டத்துக்கு வந்தேன். செட்ரிசின். அது காலியாக இருக்கும் ரிசப்டரில் உட்கார்ந்து இனி வரும் ஹிஸ்டமினை நெருங்கவிடாது, அவ்வளவுதான். மாத்திரை கரைந்து ரத்தத்தில் சேர்ந்து வேலை செய்வதற்குள் நான் இருக்க மாட்டேன். விழுந்துவிட்ட ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்துவது எது என்று எனக்குத் தெரியும். அது என் அட்டவணையில் இல்லை. சொல்லக் குரலும் இல்லை. ஐயோ, இப்படியா சாவேன் என்று இருந்தது.

அவள் கை பாதியில் நின்றது. மாத்திரையைத் தூர எறிந்தாள்.

“இது பத்தாது! அட்ரினலின் வேணும்! யாராவது தூக்குங்களேன், தூக்குங்க!”

அவளுக்கு அப்படி ஒரு சத்தம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. சாமிகளுக்காக அருவிக்கரையில் போட்டிருந்த மருத்துவ முகாமுக்கு, ஒரு பெண் போலீசும் அவளுமாக என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். “அட்ரினலின், அட்ரினலின்” என்று கத்திக்கொண்டேதான் உள்ளே நுழைந்திருக்கிறாள். டாக்டர் என் நாடியைப் பிடித்துப் பார்த்ததும், “அட்ரினலின் அர மில்லி, தொடையில. கால தூக்கிப் பிடிங்க,” என்றார். ஈரத்துணியைக் கழற்றிக் கம்பளியில் சுற்றினார்கள்.

ஊசி போட்ட சற்று நேரத்தில் நெஞ்சு தடதடவென்று அடித்தது. கை நடுங்கியது. மூச்சு உள்ளே போனது. அந்த ஒரு மூச்சுக்கு இணையாக எதையும் நான் அனுபவித்ததில்லை. அதற்குப் பிறகுதான் அவில் என்ற ஆன்டிஹிஸ்டமின் ஊசியும் ஸ்டீராய்டும் சலைனும் ஏற்றி, ஆம்புலன்ஸில் தென்காசி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அம்மா வந்தாள். என் வீங்கிய முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். ஜூஸ் டம்ளர், துணி அலசல், ஸ்கூட்டர் காற்று. கேட்டுவிட்டு, குளிர் பட்டால் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினை அள்ளிக் கொட்டுகிற நோய் என்றார். கையில் மட்டும் குளிர் பட்டால் கையில் மட்டும் தடிப்பு. உடம்பு முழுக்கக் குளிர் என்றால் உடம்பு முழுக்க. ஹிஸ்டமினோடு அது நிற்காது, புரோஸ்டாகிளாண்டினும் சேர்ந்து வரும் என்றார். முதல் வரிசையும் மூன்றாம் வரிசையும் கைகோத்துக்கொண்டு வந்திருக்கின்றன. நான் தனித்தனிக் கட்டத்தில் போட்டு வைத்திருந்தேன்.

“இனிம அருவிக் குளியலே கூடாது. எங்க போனாலும் அட்ரினலின் ஊசி கையில இருக்கணும்,” என்றார்.

தென்காசியில் பிறந்த ஒருத்தியிடம் சொல்கிற பேச்சா இது? எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

அவர் போனதும் இலத்தூர்க்காரி கட்டிலுக்கு அடியிலிருந்து சுருட்டிய சார்ட் தாளை எடுத்தாள். மறுநாள் பரீட்சை, படிக்க வேண்டுமே என்று எங்கள் வீட்டிலிருந்து எடுத்து வந்திருக்கிறாள். என் காலடியில் விரித்து, ஹிஸ்டமின் வரிசையின் கடைசிக் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“இப்ப எழுதட்டுமா? கைய ஒடிக்க மாட்டியே?”

“எழுதுட்டி,” என்றேன். குரல் இன்னும் கரகரப்பாகத்தான் இருந்தது. “பெருசா எழுது.”

முதல் எழுத்தை எழுதினாள். அதற்கு மேல் முடியவில்லை. பேனாவைப் போட்டுவிட்டு, என் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். மீதி எழுத்துகளை நான்தான் எழுதினேன்.