மூன்று கேமரா போன்

தாராவியில் என் மொபைல் ரிப்பேர் கடைக்கு அண்ணாச்சி ஒருவர் வருவார். தேய்த்த வெள்ளைச் சட்டை, தடித்த விரல்கள். எங்கே உட்கார்ந்தாலும் கேமரா தெரியும்படி போனைக் கவிழ்த்து வைப்பார்.

அது பழைய போன்தான். "சம்பந்தி வீட்ல எல்லார் கையிலயும் புதுசு. நான் மட்டும் இத நீட்ட முடியுமா?" என்று கேட்டதால், புது மாடலின் பின்பக்கத்தை நான் மாட்டிக் கொடுத்திருந்தேன். மூன்று கேமராவில் இரண்டு வெறும் கண்ணாடி.

அவர் மகள் கல்யாணத்தில் ட்ரோன் பறந்தது, ஆள் உயரக் கேக் நின்றது. தாலி கட்டும் முன் மாப்பிள்ளையின் அண்ணன் அவர் போனை வாங்கி மேடையைப் படம் எடுத்தான். ஜூம் ஆகவில்லை. சந்தேகப்பட்டுச் சாவியால் கேமராவைக் குத்தினான். கண்ணாடி கழன்று தெறித்தது, உள்ளே ஒன்றுமில்லை.

"ஏலே, மாமா போன் டம்மி லே! அப்ப பொண்ணு கழுத்துல கெடக்கதும் டம்மிதானா?"

சிரிப்பு அடங்குமுன் அவர் எவர்சில்வர் ஜக்கால் அவன் வாயில் அடித்தார். பல் விழுந்தது. மறுபடியும் அடித்தார். மாப்பிள்ளை வீட்டார் அவரைத் தள்ளி மிதித்தார்கள். ஒருவன் நாற்காலியால் அவர் கையை நசுக்கினான். மகள் அலறியபடி நகைகளைக் கழற்றி எறிந்தாள். நகைக்கடையில் வேலை பார்ப்பவர் ஒருவர் முத்திரையைப் பார்த்து, "தங்கந்தான்" என்ற பிறகே அடி நின்றது. தாலி ஏறியது.

அன்று மதியமே அவர் என் கடைக்கு வந்து, வீங்கிய கையால் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"ரிசப்ஷனுக்குள்ள அந்தக் கண்ணாடிய ஒட்டித் தருவீயளா?"

"இனிமே யாரு நம்பப் போறா, அண்ணாச்சி?"

"மாப்பிள்ள ஆபீஸ்காரங்க சாயங்காலந்தான வாராங்க. அவுங்களுக்குத் தெரியாதுல்லா."

ஒட்டிக் கொடுத்தேன். கண்ணாடியில் பட்டிருந்த ரத்தத்தைச் சட்டை நுனியால் கவனமாகத் துடைத்தார். முகத்தில் இருந்ததைத் துடைக்கவே இல்லை.