டிக் போட்ட ஒன்பது நாள்

லூசியம்மாளுக்கு உலகத்தில் எதைக் கண்டும் பயமில்லை, வீட்டுச் சுவரைத் தவிர. தாராவியில் அந்த ஒற்றை அறைச் சுவரில்தான் அவளுடைய இன்டர் பரீட்சைக்கான வருஷத் திட்டம் ஒட்டியிருந்தது. அவளே ஜூனில் கோடு கிழித்து எழுதியது. முதலில் பொருளாதாரம், ஏனென்றால் போன தடவை காலை வாரிவிட்டது அதுதான். பிறகு இங்கிலீஷ், அப்புறம் சரித்திரம், கடைசியில் தண்ணீர் பட்ட பாடான தமிழ். முடித்த புத்தகத்தை அதே வரிசையில் இன்னொரு சுற்று. நாளுக்கு முப்பது பக்கம்; முடித்தால் அந்த நாளின் கட்டத்தில் ஒரு டிக். விட்டுப்போனதைப் பிடிக்க ஜனவரியில் ஒரு வாரத்தைக் காலியாக விட்டு, ‘பாக்கி வாரம்’ என்று பெயரும் வைத்திருந்தாள்.

தோல் ஷாப்பில் வேலை பார்த்த அவள் அப்பா சிங்கராயருக்கு எழுத்து தெரியாது, டிக் தெரியும். வேலை விட்டு வந்ததும் சுவரைத்தான் பார்ப்பார். “இந்தத் தடவையும் கோட்டை விட்டேன்னா படிப்பு போதும்” என்று ஒரே தடவை சொல்லியிருந்தார். அவர் ஒன்றை இரண்டு தடவை சொல்கிற ஆளில்லை.

டிசம்பரில் பொருளாதாரத்தின் இரண்டாம் சுற்றில், வங்கி பற்றிய பாடங்கள் மண்டையில் ஏறவே மாட்டேன் என்றன. காலிக் கட்டத்தை அப்பா பார்த்துவிடுவாரே என்று பயந்து, படிக்காமலே ஒரு டிக் போட்டாள். மறுநாளும் போட்டாள். பாவிப் பெண், ஒன்பது நாள் போட்டாள். பாக்கி வாரத்தில் பிடித்துவிடலாம் என்பது கணக்கு: நாளுக்கு நாற்பது பக்கம்.

பொங்கலுக்கு முன்னால் சிங்கராயர் ரயில் டிக்கெட்டுகளோடு வந்தார். ஹூப்ளியில் அம்மாவின் தங்கைக்குக் கல்யாணம்.

“அடுத்த வாரம் மூணு பேரும் போறோம். உன் சார்ட்ல அந்த வாரம் சும்மாதானட்டி கிடக்கு? ஒரு நாள்கூட பாக்கி இல்லையே.”

லூசியம்மாள் சுவரைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் அப்பா, திறக்காவிட்டால் பரீட்சை. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் சாயங்காலம், அவர் சட்டையைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டாள்.

“அப்பா, ஒம்பது நாள் பொய் டிக்கு. படிக்கல. அந்த வாரம் நாளுக்கு நாப்பது பக்கம் படிச்சாப் பிடிச்சிருவேன்.”

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். விழவில்லை. அவர் சுவரருகே போய் நின்றார்.

“எதெதுன்னு காட்டு.”

ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். அவர் அவள் அம்மா ஏஞ்சலம்மாளைப் பார்த்தார். “இவ இருந்து படிக்கணும். வயசுப் புள்ளைய தனியா விட முடியாது.”

ஏஞ்சலம்மாள், தாயில்லாத அந்தத் தங்கையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். முகத்தைப் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது. கட்டி வைத்திருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து, புதுச் சேலையை எடுத்துக் கொடியில் போட்டாள்.

“நீங்க போய் தாலிக்கு நில்லுங்க. அக்காளுக்குக் காய்ச்சல்னு சொல்லிருங்க.”

“எம்மா...” என்றாள் லூசியம்மாள்.

ஏஞ்சலம்மாள் திரும்பவில்லை. விளக்கை மட்டும் மகள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“நாப்பது பக்கம்னியே. படி.”